நாயின் வால் எந்தப் பக்கம் சாய்கிறது, ஏன்?

"நாய் சந்தோஷமாக இருந்தால் வாலை வலது பக்கமும், பயந்தால் இடது பக்கமும் அதிகமாக ஆட்டும் என்று படித்தேன். உண்மையா? ஏன் அப்படி? எங்கள் வீட்டு நாயை உற்று உற்றுப் பார்த்தேன், எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை."

பக்கச் சாய்வு உண்மை. அளந்து பார்த்திருக்கிறார்கள். ஆனால் "சந்தோஷம் வலது, பயம் இடது" என்று சுருக்கிச் சொல்வது சரியல்ல. எந்தப் பக்கம் என்பதைத் தீர்மானிப்பது மகிழ்ச்சியா துக்கமா என்பதல்ல. எதிரே இருப்பதை நோக்கிப் போக வேண்டும் என்ற உந்துதலா, அதைவிட்டு விலக வேண்டும் என்ற உந்துதலா என்பதுதான். உங்கள் கண்ணுக்கு ஒன்றும் தெரியாததிலும் வியப்பில்லை. வெறும் கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடிய அளவுக்குப் பெரிய வித்தியாசம் அது இல்லை.

இந்தச் செய்தி முதலில் எங்கிருந்து கிளம்பியது என்பதிலிருந்து தொடங்குகிறேன். இத்தாலியின் தெற்கே பாரி என்ற துறைமுக நகரம் இருக்கிறது. அங்குள்ள பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவத் துறையில் ஆஞ்செலோ குவாரந்தா, மார்செல்லோ சினிஸ்கால்கி என்ற இருவர், ஜியார்ஜியோ வல்லோர்த்திகாரா என்ற நரம்பியல் அறிஞரோடு சேர்ந்து 2007-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 30 நாய்கள். எல்லாமே வீடுகளில் வளர்பவை, கலப்பினங்கள். கூண்டு போன்ற ஓர் அடைப்புக்குள் நாயை விடுவார்கள். மேலே, நாயின் முதுகை நேராகப் பார்த்தபடி கேமரா. முன்பக்கம் ஒரு திறப்பு. அந்தத் திறப்பு வழியாக நாய் ஒரு நிமிடம் எதையாவது பார்க்கும், பிறகு ஒன்றரை நிமிட ஓய்வு, மறுபடி வேறொன்று.

காட்டியவை நான்கு: நாயை வளர்ப்பவர், முன்பின் தெரியாத ஒரு மனிதர், ஒரு பூனை, பெரிய உருவமும் அதட்டும் குணமும் கொண்ட அறிமுகமில்லாத ஒரு மாலினுவா நாய். ஒரே முறை காட்டிவிட்டு முடிவுக்கு வந்துவிடவில்லை. ஒரு நாளில் பத்து முறை வீதம், 25 நாள் இதையே செய்தார்கள். பிறகு வீடியோவைப் படம் படமாக நிறுத்தி, முதுகின் நடுக்கோட்டிலிருந்து வால் வலப்பக்கம் எத்தனை பாகை போகிறது, இடப்பக்கம் எத்தனை பாகை போகிறது என்று கோணம் எடுத்தார்கள். வலது, இடது என்றால் எப்போதும் நாயின் வலது, இடது.

வளர்ப்பவரைப் பார்த்ததும் வால் வேகமாக, அகலமாக ஆடியது. வலப்பக்க வீச்சு அதிகம். தெரியாத மனிதரைப் பார்த்தபோதும் வலப்பக்கமே அதிகம், ஆனால் மொத்த ஆட்டம் குறைவு. பூனையைப் பார்த்தபோது வால் மிகக் கொஞ்சமாகவே அசைந்தது. அந்தக் கொஞ்சத்திலும் வலப்பக்கமே கூடுதல். மாலினுவா வந்து நின்றபோது மட்டும் சாய்வு இடப்பக்கம் மாறியது. எதையும் காட்டாமல் நாயைத் தனியே விட்டபோதும் இடப்பக்கம்தான்.

பத்திரிகைகள் இதை எழுதும்போது வளர்ப்பவரையும் மாலினுவாவையும் எடுத்துக்கொண்டு பூனையை விட்டுவிட்டன. "அன்பு என்றால் வலது, பயம் என்றால் இடது" என்ற வாசகம் அப்படித்தான் பிறந்தது. என்னைக் கேட்டால் இந்த ஆய்வின் உயிரே அந்தப் பூனையில்தான் இருக்கிறது. அறிமுகமில்லாத பூனையைப் பார்த்து எந்த நாய்க்கும் அன்பு பொங்குவதில்லை. துரத்த வேண்டும், பிடிக்க வேண்டும் என்றுதான் தோன்றும். அப்படியும் வால் வலப்பக்கம் சாய்கிறது என்றால், வலது என்பது பாசத்தின் அடையாளமாக இருக்க முடியாது. வளர்ப்பவரிடம் ஓடிப்போய் ஒட்டிக்கொள்ளத் துடிப்பதும், பூனை மேல் பாயத் துடிப்பதும் நம் கண்ணுக்கு நேரெதிர். நாயின் உடலுக்கு இரண்டும் "முன்னால் போ" என்ற ஒரே கட்டளை. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஆட்டத்தின் அளவில் தெரிகிறதே தவிர, பக்கத்தில் தெரிவதில்லை. பூனைக்கு முன்னால் வால் ஏன் அவ்வளவு அடக்கமாக ஆடியது என்பதற்கு, இரையைக் குறிவைக்கும் விலங்கு உடம்பை அசைக்காமல் இறுக்கிக்கொள்ளும் என்பது பொருத்தமான விளக்கமாகத் தோன்றுகிறது.

தனியே விட்டபோது இடப்பக்கம் சாய்ந்ததும் இதே கணக்கில் அடங்குகிறது. அங்கே பயமுறுத்த யாரும் இல்லை. ஆனால் நெருங்கிப் போகவும் யாரும் இல்லை. அடைப்பைவிட்டு வெளியேறினால் போதும் என்றிருக்கும் நாய்க்கு.

சரி, மனதில் இருக்கும் உந்துதல் வால் வரைக்கும் எப்படி வருகிறது? இதற்கு வாலின் தசைகளைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். முதுகெலும்பின் தொடர்ச்சிதான் வால். அதில் இனத்துக்கு இனம் எண்ணிக்கை மாறும் சின்னச் சின்ன எலும்புகள், பெரும்பாலான நாய்களில் இருபதை ஒட்டி இருக்கும். மேல்புறம் ஓடும் தசைகள் வாலைத் தூக்குகின்றன, கீழ்ப்புறத் தசைகள் தாழ்த்துகின்றன. பக்கவாட்டில் இரு புறமும் உள்ள தசைகள்தான் ஆட்டுபவை. இடுப்பெலும்பிலிருந்து வாலின் அடிப்பகுதிக்குப் போகும் ஒரு ஜோடித் தசை உண்டு. அதன் இரண்டு பக்கமும் சேர்ந்து இழுத்தால் வால் கால்களுக்கு நடுவே ஒடுங்கிக்கொள்ளும். ஒரு பக்கம் மட்டும் இழுத்தால் வால் அந்தப் பக்கம் திரும்பும். நாய் வாலை ஆட்டும்போது வலப்பக்கத் தசைகளும் இடப்பக்கத் தசைகளும் மாறி மாறிச் சுருங்குகின்றன. ஒரு பக்கத்துக்கு வரும் கட்டளை சற்று வலுவாக இருந்தால் அந்தப் பக்க வீச்சு சற்று நீளும். இரட்டை மாட்டு வண்டியில் ஒரு மாடு கொஞ்சம் எட்டி நடந்தால் வண்டி தன்னால் ஒரு பக்கம் ஒதுங்குவது போல.

அந்தக் கட்டளை மூளையிலிருந்து வருகிறது. வரும் வழியில் நரம்புப் பாதைகளில் முக்கியமானவை குறுக்கே கடந்து மறுபக்கம் போகின்றன. மூளையின் இடப் பாதி உடலின் வலப்பக்கத் தசைகளை இயக்குகிறது, வலப் பாதி இடப்பக்கத்தை. மனிதருக்கு மூளையின் ஒரு பக்கம் பாதிக்கப்பட்டால் எதிர்ப்பக்கக் கை கால் விழுந்துவிடுவதும் இதனால்தான். நாயின் வால் உடலின் நடுக்கோட்டில் இருப்பது இங்கே வசதியாகிவிட்டது. கையோ காலோ என்றால் இரண்டு இருக்கும். எது பழக்கத்தால், எது உணர்வால் என்று பிரிப்பது கடினம். வால் ஒன்றுதான். இரண்டு பாதி மூளைகளும் ஒரே உறுப்பைப் பிடித்து இழுக்கின்றன. எந்தப் பாதியின் கை அப்போது ஓங்கியிருக்கிறது என்பது வாலில் கசிந்துவிடுகிறது.

மூளையின் இரண்டு பாதிகளும் வேலையைப் பங்கு போட்டுக்கொள்வது நாய்க்கு மட்டும் உரிய சங்கதி அல்ல. முதுகெலும்புள்ள பலவகை உயிரினங்களில் இது தெரிகிறது. எனக்குப் பிடித்த சான்று கோழிக்குஞ்சு. கூழாங்கற்களுக்கு நடுவே தானியத்தைத் தேடிக் கொத்தும்போது அது வலக்கண்ணை நம்புகிறது. மேலே பருந்து வட்டமிடுகிறதா என்று காவல் காப்பது இடக்கண். பறவைகளில் கண் நரம்பு எதிர்ப்பக்க மூளைக்குப் போவதால், தீனியைத் தேர்ந்தெடுப்பது இடப் பாதி, ஆபத்தைக் கவனிப்பது வலப் பாதி என்றாகிறது. தேரைகளிலும் இதையே கண்டிருக்கிறார்கள்: இரையை வலப்பக்கம் பார்த்தால் நாக்கை நீட்டுவது அதிகம், எதிரி இடப்பக்கமிருந்து வந்தால் தாவி ஓடுவது வேகம். பழகியதை, வேண்டியதை நோக்கிப் போவது இடப் பாதியின் பொறுப்பு; திடுக்கிடுவது, உஷாராவது, பின்வாங்குவது வலப் பாதியின் பொறுப்பு. நாயின் வால் இந்தப் பழைய பாகப்பிரிவினையைத்தான் காட்டுகிறது.

இதே பாரிக் குழு 2010-இல் செய்த வேறொரு சோதனை இதற்கு வலு சேர்க்கிறது. கூடவே ஒரு முரணையும் கிளப்புகிறது. நாய் தட்டில் தின்றுகொண்டிருக்கும். திடீரென்று அதன் இடப்புறமும் வலப்புறமும் ஒரே நேரத்தில் ஒரே நிழலுருவம் தோன்றும். நாயின் உருவம், பூனையின் உருவம், பாம்பின் உருவம் என்று மூன்று வகை. நாயின் உருவத்துக்குத் தலை எந்தப் பக்கமும் குறிப்பாகத் திரும்பவில்லை. பூனைக்கும் பாம்புக்கும் இடப்பக்கம் திரும்பின. இடப்பக்கக் காட்சி முதலில் போய்ச் சேர்வது வலப் பாதி மூளைக்கு. அப்படித் திரும்பிய நாய்கள் மறுபடி தீனியில் வாய் வைக்கவும் அதிக நேரம் எடுத்துக்கொண்டன. பாம்புக்கு வலப் பாதி விழித்துக்கொள்வது எதிர்பார்க்கக்கூடியதே. ஆனால் பூனை? வால் சோதனையில் பூனை இடப் பாதியைக் கிளப்பியது, தலை சோதனையில் வலப் பாதியைக் கிளப்பியது.

என் கருத்தில் இது முரண் இல்லை. தின்றுகொண்டிருக்கும்போது பக்கத்தில் கறுப்பாக ஒன்று திடீரென்று முளைத்தால் முதலில் வருவது திடுக்கிடல்தான். திறப்புக்கு அப்பால் ஒரு நிமிடம் முழுக்க உயிருள்ள பூனையைப் பார்த்துக்கொண்டே நின்றால் திடுக்கிடல் அடங்கி, "பிடி" என்ற எண்ணம் மேலோங்கும். ஆகவே எந்தப் பொருள் என்பது மட்டுமல்ல, எந்தக் கணத்தில் அளக்கிறோம் என்பதும் முக்கியம். பூனைக்கு இந்தப் பக்கம், பாம்புக்கு அந்தப் பக்கம் என்று அட்டவணை போட்டு வைத்துக்கொண்டால் ஏமாந்துபோவோம்.

கணத்துக்குக் கணம் மட்டுமல்ல, நாளுக்கு நாளும் மாறும் என்பதை 2022-இல் பெய்ஜிங்கில் நடந்த ஆய்வு காட்டியது. அங்குள்ள சீன அறிவியல் கழகத்தைச் சேர்ந்தவர்கள் பத்து பீகிள் நாய்களை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு நாயும் தனக்குத் தெரியாத ஒரு மனிதரோடு மூன்று நாள் பழகியது. பாரியில் மனிதர்கள் உட்கார்ந்து கோணம் எடுத்த வேலையை இங்கே கேமராக்களும் கணினி நிரலும் செய்தன. வால் நுனி காற்றில் போட்ட கோடுகளை முப்பரிமாணத்தில் தொடர்ந்து, 21,000-க்கும் மேற்பட்ட வால் வீச்சுகளைப் பதிவு செய்தார்கள். முதல் நாள் சாய்வு இடப்பக்கம். மூன்றாம் நாளுக்குள் வலப்பக்கம் வந்துவிட்டது. அதே மனிதர்தான், அதே நாய்தான். பழக்கம் கூடக்கூட வால் பக்கம் மாறியிருக்கிறது.

இதைப் படித்ததும் கூர்மையானவர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். பாரியில் தெரியாத மனிதரைப் பார்த்ததுமே வால் வலப்பக்கம் போனதே, பெய்ஜிங்கில் ஏன் இடப்பக்கம்? பாரி நாய்கள் வீட்டு நாய்கள். தினமும் விருந்தாளி, பால்காரர், தெருவில் போவோர் என்று பார்த்துப் பழகியவை. புது மனிதர் என்றால் பெரும்பாலும் நல்லதே நடக்கும் என்பது அவற்றின் அனுபவம். போதாக்குறைக்கு அந்த மனிதர் தடுப்புக்கு அப்பால் நின்றார். பெய்ஜிங் பீகிள்கள் ஆய்வுக்கூடத்தில் வளர்ந்தவை, நேருக்கு நேர் ஒருவரோடு விடப்பட்டவை. "தெரியாத மனிதர்" என்ற ஒரே சொல் இரண்டு இடத்திலும் ஒரே உணர்வைக் குறிக்கவில்லை. இந்த விளக்கம் என்னுடையது. ஆனால் நெருங்கலா விலகலா என்ற கோணத்தில் பார்த்தால் இரண்டு முடிவுகளும் ஒன்றோடொன்று மோதவில்லை. பாரிக்காரர்கள் சொன்னதை அவர்களோடு தொடர்பில்லாத ஒரு குழு, வேறு கருவியால், வேறு இன நாய்களிடம் கண்டது என்பதால் இந்த ஆய்வுக்கு நான் அதிக மதிப்பு தருகிறேன்.

அடுத்து, நீங்கள் கேட்கவில்லை என்றாலும் எல்லோரும் கேட்கும் ஒன்று: இந்தச் சாய்வை மற்ற நாய்கள் கவனிக்கின்றனவா? கவனிக்கின்றன என்று 2013-இல் பாரிக் குழுவே காட்டியது. 43 நாய்களுக்கு, வேறொரு நாய் வால் ஆட்டும் வீடியோவைப் போட்டுக் காட்டினார்கள். சில வீடியோக்களில் நாய் இயல்பாகத் தெரியும். சிலவற்றில் வெறும் கறுப்பு நிழலுருவம். முகம், காது, முடி எதுவும் தெரியாமல் வால் அசைவு மட்டும் கண்ணில் படட்டும் என்பதற்காக அந்த ஏற்பாடு. பார்க்கும் நாயின் உடலில் இதயத் துடிப்பை அளக்கும் ஒரு மேலங்கியைக் கட்டியிருந்தார்கள். திரையில் வால் இடப்பக்கம் சாய்ந்து ஆடியபோது பார்த்த நாய்களின் இதயத் துடிப்பு ஏறியது. பதற்றத்துக்குரிய செய்கைகளும் கூடின. வலப்பக்கம் சாய்ந்து ஆடியபோது அவை அமைதியாகவே இருந்தன.

இதைக் கேட்டு "நாய்கள் வாலால் இரகசிய மொழி பேசிக்கொள்கின்றன" என்று முடிவு கட்ட வேண்டாம். ஆடும் நாய்க்குத் தன் வால் எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்லிக்கொள்ளும் நோக்கம் இருப்பதாகக் கொள்ள வேண்டிய அவசியமே இல்லை. வால் இப்படிச் சாய்ந்தபோதெல்லாம் அந்த நாய் நட்பாக வந்தது, அப்படிச் சாய்ந்தபோதெல்லாம் உறுமியது என்று பார்க்கும் நாய் வாழ்நாள் பழக்கத்தில் கற்றுக்கொண்டிருக்கலாம். ஒருவர் கண் சிவந்திருப்பதை வைத்து அவர் தூங்கவில்லை என்று நாம் ஊகிக்கிறோம். அவர் நமக்குச் சொல்வதற்காகக் கண்ணைச் சிவக்க வைத்துக்கொள்ளவில்லையே.

தவிர, எதிர்த்திசையில் போன ஆய்வும் உண்டு. கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் கறுப்பு லாப்ரடார் அளவில் ஓர் இயந்திர நாயைச் செய்தார்கள். உடல் அசையாது, வால் மட்டும் ஆடும். அதை வெளியிடத்தில் நிறுத்தி, வாரில்லாமல் திரியும் 452 நாய்கள் அதை எப்படி அணுகுகின்றன என்று பார்த்தார்கள். 2011-இல் வெளிவந்த முடிவு: இயந்திரத்தின் வால் இடப்பக்கம் ஆடியபோதுதான் நாய்கள் தயங்காமல் நேராக வந்தன. வலப்பக்கம் ஆடியபோது நடுவில் நின்று நின்று வந்தன. நட்பின் அடையாளம் என்றால் நேர்மாறாக அல்லவா இருக்க வேண்டும்? வாலில் நல்ல செய்தி, ஆனால் உடலிலோ குரலிலோ அதற்கேற்ற எந்த மறுமொழியும் இல்லை. அந்தப் பொருந்தாமை நாய்களைக் குழப்பியிருக்கலாம் என்பது அவர்கள் தந்த விளக்கம். ஏற்கத்தக்க விளக்கம்தான். ஆனாலும் முடிவு வந்த பிறகு தேடிப் பொருத்திய விளக்கம் என்பதையும் மறக்கக் கூடாது. உணர்வு வாலில் சாய்வாக வெளிப்படுகிறது என்ற பகுதி எனக்குத் திடமாகத் தெரிகிறது. பிற நாய்கள் அதைப் படித்து நடந்துகொள்கின்றன என்ற பகுதி இன்னும் ஆட்டம் காண்கிறது.

இனி உங்கள் வீட்டு நாய்க்கு வருவோம். நீங்கள் பார்த்தபோது ஏன் தெரியவில்லை என்பதற்கு என்னால் சில காரணங்களை ஊகிக்க முடியும். நாய் உங்களைப் பார்த்து நின்றிருக்கும். அதன் வலம் உங்கள் இடம். செல்பேசியின் முன்கேமராவில் எடுத்திருந்தால், பல செல்பேசிகள் அந்தப் படத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலமாக மாற்றிவிடும். அதைவிட முக்கியம், சந்தோஷத்தில் இருக்கும் நாய் வாலை மட்டும் ஆட்டுவதில்லை. இடுப்போடு சேர்த்து ஆட்டும், உடம்பை வளைத்து நெளியும். கதவு இடப்பக்கம் இருந்து, அது கதவைப் பார்த்துத் திரும்பி நின்றால் முதுகே வில்லாக வளைந்திருக்கும். அப்போது வால் ஒரு பக்கம் அதிகம் போவதற்குக் காரணம் மூளையல்ல, கதவு.

உண்மையிலேயே அளந்து பார்க்க ஆசை என்றால் இப்படிச் செய்யுங்கள். மாடிப்படி, பால்கனி போன்ற உயரமான இடத்திலிருந்து செல்பேசியின் பின்கேமராவால், நாயின் முதுகு நேர் கீழே தெரியும்படி எடுங்கள். மெதுவோட்ட வீடியோ அவசியம்; நொடிக்கு 120 படமாவது வேண்டும். சாதாரண வீடியோவில் நொடிக்கு 30 படம்தான். நாய் நொடிக்கு நான்கு முறை வாலை இடமும் வலமும் வீசுகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு முழு வீச்சுக்கு ஏழெட்டுப் படம்தான் தேறும். வால் எட்டிய கடைசி எல்லை இரண்டு படங்களுக்கு நடுவில் காணாமல் போய்விடும். தோள்களுக்கு நடுவே ஒரு புள்ளி, வாலின் அடியில் ஒரு புள்ளி. இரண்டையும் சேர்க்கும் கோட்டைப் பின்னால் நீட்டுங்கள். அதுதான் நடுக்கோடு. முதுகு வளைந்திருக்கும் படங்களை ஈவிரக்கமில்லாமல் தள்ளிவிடுங்கள். மிச்சத்தில், ஒவ்வொரு வீச்சிலும் வலது எல்லையின் கோணத்தையும் இடது எல்லையின் கோணத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கணக்கு எப்படி என்று காட்ட ஓர் உதாரணம். நீங்கள் வீட்டுக்குள் நுழையும்போது எடுத்த 20 வீச்சுகளில் வலது எல்லையின் சராசரி 38 பாகை, இடது எல்லையின் சராசரி 31 பாகை என்று வருவதாக வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 7. கூட்டுத்தொகை 69. ஏழை 69-ஆல் வகுத்தால் 0.1. பூஜ்யம் என்றால் சாய்வே இல்லை, கூட்டல் என்றால் வலது, கழித்தல் என்றால் இடது. இந்த 0.1-ஐ வைத்துக் கொண்டாடுவதற்கு முன் 20 வீச்சுகளையும் தனித்தனியே பாருங்கள். சிலவற்றில் வலது 50, சிலவற்றில் 25 என்று அலைபாயும். சிலவற்றில் இடதே அதிகமாக இருக்கும். 7 பாகை வித்தியாசம் இந்த அலைச்சலுக்குள் முழுகிக் கிடப்பதால்தான் கண்ணுக்குத் தெரிவதில்லை. பாரியில் 25 நாள், பெய்ஜிங்கில் 21,000 வீச்சு என்று போனதும் இதனால்தான். அடுத்து, நீங்கள் வேறொரு நாள் எதிர்ப்பக்க வாசல் வழியாக உள்ளே வந்து மறுபடி எடுங்கள். சாய்வு அப்போதும் வலப்பக்கமே நின்றால் நம்பலாம். நீங்கள் வரும் பக்கத்தோடு சேர்ந்து மாறினால், நீங்கள் அளந்தது நாய் திரும்பி நின்ற விதத்தை மட்டுமே.

எல்லா நாயிடமும் இது பலிக்காது. நம் தெருக்களில் வாழும் நாட்டு நாய்களில் பலவற்றுக்கு வால் முதுகின் மேல் அரிவாள் போல் வளைந்து, ஓய்வாக இருக்கும்போதே ஒரு பக்கம் விழுந்திருக்கும். பக் போன்றவற்றுக்குச் சுருண்டே இருக்கும். அவற்றில் நடுக்கோடு எது என்பதே தகராறு. ராஜபாளையம், சிப்பிப்பாறை, லாப்ரடார் போல நீளமாகத் தொங்கும் வால் இருந்தால் வேலை எளிது.

அன்றாடப் புழக்கத்துக்கு இந்தப் பக்கக் கணக்கை நான் பயன்படுத்துவதில்லை. நாய்களைக் கையாளும் யாரும் பயன்படுத்துவதாக நான் பார்த்ததும் இல்லை. சிகிச்சை மேசைக்கு வரும் நாயிடம் முதலில் பார்ப்பது வால் எந்த உயரத்தில் இருக்கிறது, எவ்வளவு விறைப்பாக இருக்கிறது என்பதை. முதுகின் மட்டத்தில் அல்லது சற்றுத் தாழ்ந்து, இடுப்பும் சேர்ந்து குழைய அகலமாக ஆடும் வால் ஒன்று. செங்குத்தாகத் தூக்கி, நுனி மட்டும் படபடவென்று குறுகலாக நடுங்கும் வால் வேறொன்று. அதனோடு உடம்பும் மரக்கட்டையாக இறுகி, வாயும் மூடிக்கொண்டால் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வேன். "வால் ஆட்டிக்கொண்டேதான் கடித்தது" என்று சொல்லிக்கொண்டு வருபவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையைத்தான் பார்த்திருப்பார்கள். அந்த நேரத்தில் அது வலமா இடமா என்று கோணம் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

பக்கச் சாய்வு வீட்டில் உங்கள் கண்ணுக்கே பளிச்சென்று தெரிந்தால், அதாவது யார் வந்தாலும் எது நடந்தாலும் வால் எப்போதும் ஒரே பக்கம் ஒதுங்கியே இருந்தால், உணர்ச்சியைத் தேடாமல் வலியைத் தேடுங்கள். குளிர்ந்த நீரில் நீந்திய பிறகோ, வழக்கத்துக்கு மீறி ஓடிய பிறகோ வாலடித் தசைகள் அடிபட்டு, வால் அடிப்பகுதியில் மட்டும் கொஞ்சம் நீட்டிக்கொண்டு பிறகு துவண்டு தொங்குவது உண்டு. லாப்ரடார் போன்ற வேட்டைத்துணை இனங்களில் இது அதிகம். கதவிடுக்கில் மாட்டிய வால், இடுப்புக்கும் வாலுக்கும் இடைப்பட்ட முதுகெலும்பில் கோளாறு, ஆசனவாயின் இருபுறமும் உள்ள சுரப்பிப் பைகளில் ஒன்று அடைத்து வீங்குவது ஆகியவையும் வாலை ஒரு பக்கமாக வைத்துக்கொள்ளச் செய்யும். வாலின் அடியை மெல்ல விரல்களால் தொட்டுப் பாருங்கள். நாய் சட்டென்று திரும்பிப் பார்த்தாலோ, உட்கார இடம் பார்த்துத் தயங்கினாலோ, மலம் கழிக்கும்போது முனகினாலோ மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.